ஏழு பேருக்கு எழுதியது

நோய் விசாரிக்கப் போவது எங்கள் சமூகத்தில் ஒரு கடமை. எப்போது போவது, எவ்வளவு நேரம் இருப்பது, நோயாளியின் முன் என்ன பேசுவது, என்ன துஆ ஓதுவது என்பதெல்லாம் ஓதல்பள்ளிக் காலத்திலேயே எமக்குச் சொல்லித் தரப்பட்டவை. ஆனால் நோயாளி தன் நோயை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு எங்களிடம் வழக்கம் எதுவும் இல்லை. நான் கண்டவரையில் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, கடைசிவரை மறைப்பது. என் வாப்பாவின் கூட்டாளி ஒருவர் அப்படித்தான் போனார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டபோதுதான் அவருக்கு வருத்தம் என்பதே வாப்பாவுக்குத் தெரிய வந்தது. மற்றது, பதறிப்போன நேரத்தில் பதறிப்போன குரலில் யாரிடமோ சொல்வது. அது இரவோடிரவாக ஊரைச் சுற்றி, காலையில் நாற்பது தொலைபேசி அழைப்புகளாகத் திரும்பி வரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்ற நிலை எனக்கு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அப்போது நான் எழுதிய ஒரு செய்தியைப் பற்றியே இங்கு சொல்லப் போகிறேன். நோயின் கதையைச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் எதைச் சொன்னேன் என்பது விளங்க வேண்டுமானால் அதையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

படியேறினால் மூச்சு வாங்கியது. இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆணுக்கு இரத்தம் இப்படிக் குறைந்தால் அது எங்கே கசிகிறது என்று தேட வேண்டும் என்றார் வைத்தியர். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் வலது பக்கத்தில் ஒரு வளர்ச்சி. கிள்ளி எடுத்த துணுக்கில் புற்றுநோய் என்று வந்தது. ஜனவரி 9ஆம் திகதி குடலின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

இந்தக் கட்டத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நானாவுக்கும் தாத்தாவுக்கும் மட்டுமே பெயர் தெரியும். குடலில் ஒரு சத்திர சிகிச்சை என்பது கூட்டாளிமாருக்குத் தெரியும். வாட்டுக்கு வந்து பார்த்தும் போனார்கள். "எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. முடிவு வந்த பொறகு முழுசாச் சொல்றன்" என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். அது தட்டிக்கழித்தல் அல்ல. புற்றுநோய் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் எதையும் சொல்ல முடியாது. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்ற இரண்டும் தெரியாமல் சொன்னால், கேட்பவர் அந்த வெற்றிடத்தைத் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வார். வெட்டி எடுத்த குடலோடு சேர்த்து எடுக்கப்படும் நிணநீர் முடிச்சுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகே முதல் கேள்விக்கு விடை வரும். எனக்குப் பதினேழு முடிச்சுகளைப் பார்த்து, இரண்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். சீ.டீ. ஸ்கானில் ஈரலிலும் நுரையீரலிலும் ஒன்றும் இல்லை. பெப்ரவரி 8ஆம் திகதி கிளினிக்கில் மருந்தேற்றும் நாட்கள் குறிக்கப்பட்டன. இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் யாருக்கு என்பதைத் தீர்மானித்தேன். கைத்தொலைபேசியில் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ள குழுக்கள் மூன்றில் நான் இருக்கிறேன். பழைய மாணவர் குழு, எழுத்தாளர் குழு, பள்ளிவாசல் குழு. அவற்றில் ஒன்றிலும் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். குழுவில் ஒருவர் 'யா அல்லாஹ்' என்று எழுதினால் அடுத்தவர் அதைவிட நீளமாக எழுத வேண்டியவராகிறார். பதில்கள் நோயாளிக்காக அல்லாமல் குழுவுக்காக எழுதப்படத் தொடங்கிவிடும். கடதாசி ஒன்றில் பெயர்களை எழுதினேன். நான் மௌத்தானால் கபுறடிவரை வருவோர் பலர். ஆனால் அடுத்த மூன்று மாதங்களில் என் வீட்டுக் குசினிவரை வரக்கூடியவர் யார் என்று கேட்டபோது ஏழு பெயர்கள் மிஞ்சின. அவர்களில் ஒருவர் எழுபத்தெட்டு வயதான என் பழைய அதிபர். திரையில் எழுத்து வாசிக்க அவரால் முடியாது. அவருக்கென்று அதே செய்தியைக் கையால் பெரிதாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற அறுவருக்கும் ஒரே செய்தியைத் தனித்தனியாக அனுப்பினேன்.

அனுப்பிய நேரத்தையும் யோசித்தேதான் தெரிந்தேன். இரவில் வரும் கெட்ட செய்தி பகலில் வருவதைவிடக் கனமானது. வாசித்தவர் யாரிடமும் பேச முடியாமல் படுக்கையில் புரள்வார். வேலை நாளின் காலையில் வந்தாலோ பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிப்பார். ஆகவே பெப்ரவரி 11ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பின் அனுப்பினேன். அது இதுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும். இது கொஞ்சம் நீளமான செய்தி. அவசரம் எதுவும் இல்லை. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஜனவரியில் எனக்குச் செய்த சத்திர சிகிச்சையின் சோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கு இருந்தது பெருங்குடல் புற்றுநோய். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதற்கு அருகிலிருந்த பதினேழு முடிச்சுகளில் இரண்டில் அது இருந்திருக்கிறது. ஈரலிலும் நுரையீரலிலும் இருப்பதாக ஸ்கானில் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது மிஞ்சியிருந்தால் அதை அழிக்க மருந்து தரப் போகிறார்கள். மிஞ்சியிருக்கிறதா இல்லையா என்பது வைத்தியர்களுக்கும் தெரியாது. பெப்ரவரி 20ஆம் திகதி தொடக்கம் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை. இரத்தச் சோதனையைப் பொறுத்து இடையில் ஒரு கிழமை பிந்தலாம். அப்படிப் பிந்தினால் வருத்தம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்த மருந்துக்கு முடி பெரும்பாலும் முழுதாகக் கொட்டாது. ஆகவே பார்க்க நான் நல்லாயிருப்பதுபோல் இருப்பேன்; ஆனால் களைப்பாக இருப்பேன். குளிர்ந்தது எதையும் தொடவோ குடிக்கவோ சில நாட்களுக்கு முடியாது. மருந்தேற்றிய இரண்டாவது கிழமை கிருமி தொற்றினால் ஆபத்து. தடிமல், இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். மற்றவர்களும் ஒரு கோல் எடுத்துவிட்டு வாருங்கள். கைகொடுக்காவிட்டால் குறை நினைக்காதீர்கள்.

மே மாதத்தில் மருந்து முடிந்தாலும், 'சுகமாகிவிட்டது' என்று யாரும் அன்றைக்குச் சொல்ல மாட்டார்கள். ஐந்து வருடம் சோதித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பணம் இப்போது தேவையில்லை. தேவைப்பட்டால் உங்களிடம்தான் கேட்பேன். வேறு மருந்துகள் பற்றிய செய்திகளை அனுப்ப வேண்டாம்; ஒன்றைச் சாப்பிட்டு இன்னொன்றைக் குழப்ப எனக்கு அனுமதியில்லை. உங்கள் துஆ வேண்டும். பள்ளியில் அறிவிக்க வேண்டாம். உம்மாவுக்குக் கட்டி என்றும் மருந்து என்றும் தெரியும், பெயர் தெரியாது. அவவுக்கு அதை நான்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டாருக்குச் சொல்லலாம். அதற்கு அப்பால் வேண்டாம்.

இதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் ஸலாம் மட்டும் போதும். ஏதும் விசாரிக்க வேண்டுமென்றால் என் மூத்த மகனிடம் கேளுங்கள். இரண்டாவது முறை மருந்தேற்றிய பின் நானே எழுதுவேன். அதுவரை என்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் புதிதாக ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்."

இதை எழுதி முடிக்க மூன்று நாட்கள் சென்றன. ஏன் ஒவ்வொன்றும் அவ்வாறு வந்தது என்பதைச் சொல்வது, இதே வேலை யாருக்காவது நேர்ந்தால் பயன்படலாம்.

நோயின் பெயரை நேராகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அதற்குக் 'கூடாத வருத்தம்', 'பெரிய வருத்தம்' என்று பெயர். மகரகமவுக்குப் போகிறார் என்று மட்டும் சொல்வதும் உண்டு. புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் ஊர் என்பதால், அந்த ஊரின் பெயரே எமக்கு நோயின் பெயராகிவிட்டது. சுற்றிவளைத்துச் சொல்லும்போது கேட்பவர் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் ஊகிப்பார். பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பெயரோடு நின்றுகொள்வார்.

எத்தனையாம் கட்டம் என்பதை நான் எழுதவில்லை. நிணநீர் முடிச்சுக்குப் போயிருந்து மற்ற உறுப்புகளுக்குப் போகாதிருந்தால் அது மூன்றாம் கட்டம். மொத்தம் நான்கு கட்டங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மூன்று என்றதும் முக்கால்வாசி வழி முடிந்துவிட்டது என்று கணக்குப் போடுவார்கள். அந்த இலக்கம் சொல்வது நோய் எதுவரை போயிருக்கிறது என்பதை. மரணத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை அல்ல. மூன்றாம் கட்டப் பெருங்குடல் நோய் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யப்படும் ஒன்று. அதனால் இலக்கத்தை விட்டுவிட்டு, அதன் பொருளை எழுதினேன். எங்கே இருந்தது, எங்கே இல்லை என்ற இரண்டு வசனங்கள் போதுமாயிருந்தன. நூற்றுக்கு எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதையும் அதே காரணத்துக்காக எழுதவில்லை. அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. கூட்டாளி வாசிக்கும்போது அது எனக்கு எழுதிய தீர்ப்பாகிவிடும்.

மருந்தின் விபரத்தைக் குறைவாகவே சொன்னேன். முதல் நாள் நரம்பில் இரண்டு மணித்தியாலம் ஒக்ஸாலிப்ளாட்டின் ஏற்றுவார்கள். அன்று இரவு தொடங்கிப் பதினான்கு நாட்கள் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் கெப்பசிட்டபின் குளிசை. அதன் பிறகு ஏழு நாள் ஓய்வு. இருபத்தொரு நாட்கள் கொண்ட இந்தச் சுற்றை முன்பெல்லாம் எட்டு முறை கொடுத்தார்கள். 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு என்னைப் போல முடிச்சுகள் குறைவாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நான்கு முறை போதும் என்றாகியிருக்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. கூட்டாளிக்குத் தெரிய வேண்டியது, அவர் காணப்போவதும் அவர் நடந்துகொள்ள வேண்டியதும்தான்.

அவர்கள் காணப்போவதில் முதலாவது என் தலைமுடி. புற்றுநோய் மருந்து என்றதும் மொட்டைத் தலையை எதிர்பார்ப்பார்கள். முடி இருந்தால் 'ஆள் நல்லாத்தான் இருக்கார்' என்று முடிவு செய்து கூட்டத்துக்கு அழைப்பார்கள். வராவிட்டால் மனம் சோர்ந்துவிட்டது என்பார்கள். அந்த ஒரு வசனத்தை எழுதியதால் எனக்குப் பல விளக்கங்கள் மிச்சமாயின. இரண்டாவது குளிர். ஒக்ஸாலிப்ளாட்டின் நரம்புகளில் செய்யும் வேலை இது. மருந்தேற்றிய முதல் சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சு நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் மூச்சு நிற்பதில்லை, ஆனால் பயம் வரும். மலைநாட்டில் சுபஹுக்கு வுழூச் செய்யும் தண்ணீர் எப்படியிருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கலந்து வைத்தார்கள். இரண்டாவது சுற்று றமழானின் தொடக்கத்தோடு வந்தது. நோன்பு பிடிக்க முடியாது என்பது எவருக்கும் சொல்லாமலே விளங்கும். ஆனால் இப்தாருக்கு அழைத்த வீட்டில் ஐஸ் போட்ட சர்பத்தை ஏன் தொடவில்லை என்பது செய்தி வாசித்தவருக்கு மட்டுமே விளங்கும்.

மூன்றாவது, கிருமி. வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் 38 பாகை காய்ச்சல் வந்தாலே விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த இலக்கம் என் வீட்டாருக்கு உரியது. கூட்டாளிமாருக்கு உரியது தடிமலோடு வராதிருப்பது. எங்களுக்கு ஸலாம் என்றால் இரண்டு கைகளும் சேர்ந்த முஸாபஹா. கையை இழுத்துக்கொள்வது அவமதிப்பாகத் தோன்றும். காரணத்தை முன்பே சொல்லி வைத்தால் அந்தக் கணத்தில் சொல்லத் தேவையில்லை.

நாள் பிந்தலாம் என்ற வசனம்தான் பிற்பாடு மிகவும் உதவியது. மூன்றாவது மருந்து ஏப்ரல் 2இல் ஏற்ற வேண்டியது. முதல் நாள் எடுத்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் போதாமல் இருந்தன. ஒரு கிழமை தள்ளிப் போட்டார்கள். இது மிகச் சாதாரணமாக நடப்பது. ஆனால் ஒருவர் வைத்தியசாலைக்குப் போய் மருந்தேற்றாமல் திரும்பி வந்தால், 'இனிச் செய்து பிரயோசனமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்' என்பதே ஊர் எடுக்கும் அர்த்தம். ஊர் அந்த அர்த்தத்தைத்தான் எடுத்தது. வெட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் மூடிவிட்டார்கள் என்று சத்திர சிகிச்சையைப் பற்றியும் ஒரு கதை அதோடு சேர்ந்து கிளம்பியது. ஜும்ஆவுக்குப் பின் பள்ளி வாசலில் இதைக் கேட்ட என் கூட்டாளி ஒருவர், தன் கைத்தொலைபேசியைத் திறந்து, அந்த இரண்டு வரிகளை மட்டும் அங்கேயே வாசித்துக் காட்டினாராம். அதோடு கதை நின்றது. வாய்ச்சொல் கை மாறும்போது மாறும். அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் ஒரு பெரும் கலையையே வளர்த்த எமக்கு இது புதிதல்ல. எழுத்து, கொடுத்தபடியே போய்ச் சேரும்.

உம்மாவைப் பற்றிய வரியை எழுதுவதற்கே அதிக நேரம் எடுத்தது. அவவுக்கு எண்பத்து நான்கு வயது. பொய் சொல்ல நான் விரும்பவில்லை. கட்டியை எடுத்தது உண்மை, மருந்து ஏற்றுவது உண்மை. பெயரை மட்டும் நான் நேரில் உட்கார்ந்து சொல்ல ஒரு நல்ல நாளுக்காக வைத்திருந்தேன். அதற்குள் யாராவது கண்ணீரோடு அவவின் கையைப் பிடித்துவிட்டால் எல்லாம் குலைந்துவிடும். இரகசியமாக வைத்திருங்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யார் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் எழுதினால்தான் இரகசியம் காப்பது எளிது. ஏழு பேரும் அதைக் காத்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு பின்நேரம் நான் உம்மாவுக்குச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிவிட்டு, "எனக்குத் தெரியும் மகன். நீ சொல்லும்வர பாத்துக்கிட்டிருந்தன்" என்றா.

எல்லாம் நான் எழுதியபடியே நடந்தது என்று நினைக்க வேண்டாம். வேறு மருந்து பற்றி அனுப்பாதீர்கள் என்றதை ஒருவரால் கடைப்பிடிக்க முடியவில்லை. கட்டு அனோதா இலையின் மகிமை பற்றிய காணொளிகள் அவரிடமிருந்து தொடர்ந்து வந்தன. கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அவரால் முடியாத காரியம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன்: மருந்தேற்றும் நாட்களில் என்னை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். காணொளிகள் நின்றுவிட்டன. உதவி செய்ய ஆசைப்படுவோருக்கு 'ஏதும் தேவையென்றால் சொல்கிறேன்' என்பது பதிலாகாது. நாளும் நேரமும் உள்ள ஒரு வேலைதான் பதில்.

இன்னொருவர் விடயம் அவ்வளவு இலகுவாக முடியவில்லை. நாற்பது வருடக் கூட்டாளி. ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர். எழுதத் தொடங்கிய காலத்தில் என் முதல் கதையைப் பிரதி எடுத்துத் தந்தவர். செய்தி போன அன்று மஃரிபுக்கு முன் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "எனத்த மச்சான், எனக்கும் இத எழுத்துலதானா செல்லோணும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நேரில் சொல்ல வேண்டியவர் யாராவது இருந்தால் அது அவர்தான். ஆனால் நேரில் சொல்வதாக இருந்தால், அவர் முகத்தில் அந்தச் செய்தி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரைத் தேற்ற வேண்டும். தேற்றும் அவசரத்தில் 'ஒண்டுமில்ல மச்சான், சுகமாகிடும்' என்று எனக்கே தெரியாததைச் சொல்லிவிடுவேன். எழுத்தில் அப்படி நடக்காது. 'மிஞ்சியிருக்கிறதா இல்லையா என்பது வைத்தியர்களுக்கும் தெரியாது' என்ற வசனத்தை யாருடைய கண்ணையும் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது, எழுத முடியும். வாசித்தவருக்கும் அழுவதற்குத் தனியிடம் கிடைக்கிறது. என் முன்னால் தைரியம் காட்ட வேண்டிய சுமை அவருக்கு இல்லை. இதை அவருக்கு நான் விளக்கப் போகவில்லை. விளக்கினால் வாதமாகிவிடும்.

ஒரு மாதம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மருந்தேற்றிவிட்டு, சொல்லியிருந்தபடி இரண்டாவது செய்தியை எழுதினேன். அது சிறியது: என்ன நடந்தது, அடுத்தது எப்போது, விரல்கள் எப்படி இருக்கின்றன. சட்டைப் பொத்தான் போட மகன் உதவுகிறான் என்பதையும் எழுதியிருந்தேன். அடுத்த நாள் பின்நேரம் அவருடைய பேரன் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தான். நுவரெலியாவில் விற்பார்களே, அந்தக் கம்பளிக் கையுறை ஒரு சோடி. கடிதம் எதுவும் இல்லை. முதல் செய்தியில் குளிரைப் பற்றி எழுதிய வரியை அவர் வாசித்திருக்கிறார், அதை நினைவில் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கடைசி மருந்து ஏப்ரல் 23இல் இருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 30இல்தான் ஏற்றினார்கள். குளிசை மே நடுப்பகுதியில் முடிந்தது. கைவிரல்களில் மரத்த தன்மை அதற்குப் பிறகும் பல மாதங்கள் இருந்தது. கால் விரல்களில் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. மருந்து முடிந்த கிழமையில் ஏழு பேரில் எவரும் 'சுகமாகிட்டா?' என்று கேட்கவில்லை. வெளியில் பலரும் கேட்டார்கள், வாழ்த்தும் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு 'அல்ஹம்துலில்லாஹ்' என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அந்த ஏழு பேருக்கும் அந்தக் கேள்வியே எழவில்லை. ஐந்து வருடம் என்று அவர்களுக்குப் பெப்ரவரியிலேயே சொல்லியாகிவிட்டது.

இந்நோய் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வரும். ஆகவே சில மாதங்களுக்கு ஒரு முறை சீ.ஈ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, இடையிடையே ஸ்கான், குடலுக்குள் மீண்டும் கமரா என்று போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வராது. அந்த நாட்களை நான் அவர்களுக்கு அறிவிப்பதில்லை. முடிவு வந்த பிறகு, நல்லதோ கெட்டதோ, ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் நாலு வரி எழுதுவேன் என்பது இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. பழைய அதிபருக்கு மட்டும் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, சத்தமாக வாசித்து, ஓர் எழுத்துப் பிழையையாவது கண்டுபிடித்துத் திருத்தித்தான் கடதாசியைத் திருப்பித் தருவார்.